இரவு வேலைக்காரரின் பகல் தூக்கம்: வீட்டாரிடமும் அயலாரிடமும் எப்படிச் சொல்வது?

கந்தப்பளையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இரவு வேலைக்குப் போகாதவர் இல்லாத லயன் குறைவு. தேயிலைத் தொழிற்சாலை, ஹோட்டல், வைத்தியசாலை, மரக்கறி ஏற்றும் லொறி, காவல் வேலை என்று ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது விடியற்காலையில் வீடு திரும்புகிறார். பழைய இடத்தில் அவர் எப்போது தூங்குவார் என்பது அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பல வருடங்களில் படிந்துபோன பழக்கம் அது. மண்சரிவு காரணமாகவோ, லயனை உடைத்துப் புது வீடு கட்டுவதாலோ இடம் மாறும்போது அந்தப் பழக்கம் கூட வருவதில்லை. புதிய அயலாருக்கு உங்கள் வேலை நேரம் தெரியாது. உறவினர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், பகலில் படுத்திருக்கும் ஆள் சோம்பேறியாகவே தெரிவார். வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும். எதை, எப்படிச் சொல்வது என்பதற்காகவே இந்தப் பகுதி.

ஏன் இரவில்தான் அந்த வேலை?

தொழிற்சாலை வேலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள பெரியவர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவர்கள். ஆனால் நிறுத்துக் கொடுத்த கொழுந்து அதன் பிறகு என்ன ஆகிறது என்பதை அவர்களில் சிலர் பார்த்ததே இல்லை. பகலில் பறித்த கொழுந்தை வாட்டும் தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து காற்று விடுகிறார்கள். அது பதமாக வாடுவதற்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம் வரை ஆகும். வாடிய கொழுந்தைக் காத்திருக்க வைக்க முடியாது, பதம் வந்ததும் அரைத்தாக வேண்டும். காலையிலிருந்து மாலை வரை பறித்த கொழுந்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள், அரைக்கும் நேரம் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும்தான் வந்து விழும். அரைத்த கொழுந்து நிறம் மாறும் கட்டத்தில் சூடு கூடினால் தேயிலையின் குணம் கெட்டுவிடும். அதனால் மலை உச்சித் தோட்டங்களுக்கு இரவுக் குளிர் உதவியாகவும் இருக்கிறது. நுவரெலியா பீட்ரு தோட்டத் தொழிற்சாலையைப் பார்க்கப் பகலில் வரும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் நின்றுபோன இயந்திரங்களைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே வேலை நடப்பது இரவில்.

வீட்டாரிடம் பேசும்போது இதிலிருந்து தொடங்குவது நல்லது. “துரை சொல்றாரு, அதனால போறேன்” என்றால், வேறு நேரம் கேட்டு வாங்கலாமே என்ற எண்ணம் கேட்பவர் மனதில் நிற்கும். “நீங்க பகல்ல பறிச்ச கொழுந்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் பதமாகும் அத்தை, அப்பதான் நான் அரைக்கிறேன்” என்று சொன்னால், தன் வேலையின் மிச்சப் பாதியை மருமகன் செய்கிறார் என்று அவருக்குப் புரியும். கொழுந்து பறித்த கைக்கு அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்காது.

பகல் தூக்கம் ஏன் எளிதில் கலைகிறது?

“ராத்திரி முழிச்சவனுக்குப் பகல்ல எங்க படுத்தாலும் தூக்கம் வரும்” என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கம் வருவது உண்மைதான், ஆனால் அது நிலைப்பதில்லை. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். விடியற்காலை நாலைந்து மணிக்கு உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும், பிறகு சூரியனோடு சேர்ந்து ஏறத் தொடங்கும். உடம்புச் சூடு ஏறும்போது விழிப்பும் ஏறுகிறது. காலை எட்டு மணிக்குப் படுப்பவர் களைப்பினால் உடனே தூங்கிவிடுவார், ஆனால் பதினொரு மணிக்கெல்லாம் அவருடைய உடம்பே அவரை எழுப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒரு பாத்திரம் விழுந்தால் போதும், மறுபடி தூங்குவது பெரும்பாடு. இரவில் ஏழெட்டு மணித்தியாலம் தூங்குகிற ஒருவரால் பகலில் ஐந்தாறு மணித்தியாலம்தான் தூங்க முடிகிறது. அதிலும் யாராவது குறுக்கிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி எழுப்புவதில்லை என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்வது பயனுள்ளது. தகரத்தில் சீராகப் பெய்யும் மழை பலரைத் தூங்க வைக்கும். திடீரென்று வரும் சத்தம், நின்று நின்று வரும் சத்தம், பேச்சு ஆகியவைதான் எழுப்புகின்றன. அதிலும் தூங்குபவரின் சொந்தப் பெயர் காதில் விழுந்தால் மூளை தூக்கத்திலும் அதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த அறையில் இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது, அந்தப் பேச்சில் அவருடைய பெயர் அடிபடுவது, சுவரில் கதவு மோதுவது ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முழு வீடும் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டியதில்லை. தூங்கும் அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் தொடர்ச்சியான சத்தம் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். லயன் வீட்டில் இந்த அளவை எட்டுவது கஷ்டம். பல பழைய லயன்களில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை, இரண்டு காம்பரா தள்ளி இருமினாலும் கேட்கும். ஆகவே முழு அமைதிக்கு ஆசைப்பட வேண்டாம், எழுப்பும் சத்தங்களைக் குறைத்தால் போதும்.

கணக்கைக் காட்டுங்கள்

ஒரு குடும்பத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். அப்பா தொழிற்சாலையில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வேலை செய்கிறார். அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். மகள் ஆறாம் வகுப்பு, பாடசாலை முடிந்து இரண்டு மணிக்குள் வீடு வந்துவிடுவாள். சின்னவன் பிள்ளை மடுவத்தில். வீட்டில் பாட்டி இருக்கிறார். அவர்கள் அண்மையில்தான் ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

முதல் வாரத்தில் ஒரு நாள் இப்படிப் போகிறது. அப்பா ஆறரைக்கு வீடு வருகிறார். தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறார், தோட்டத்தில் கொஞ்சம் கொத்துகிறார், எட்டு மணிக்குப் படுக்கிறார். ஒன்பது நாற்பதுக்கு மீன்காரர் வாசலில் வந்து கூப்பிடுகிறார், விழிப்பு. திரும்பத் தூங்கும்போது பத்து இருபது. பதினொன்றேகாலுக்கு ஒரு உத்தியோகத்தர் கையெழுத்துக்காக வருகிறார், பாட்டி மகனை எழுப்புகிறார். அதன் பிறகு புரண்டு புரண்டு படுத்ததுதான், தூக்கம் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு மகள் வந்துவிடுகிறாள். படுக்கையில் கிடந்தது கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம். தூங்கியது முதலில் ஒரு மணி நாற்பது நிமிடம், பிறகு ஐம்பத்தைந்து நிமிடம், மொத்தம் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். வீட்டாரின் கண்ணுக்கு அவர் காலையிலிருந்து படுத்துத்தான் இருந்தார். சண்டை தொடங்குவது இந்த இடத்தில்தான்: “காலையிலிருந்து படுத்துத்தானே கிடந்தீங்க?”

இந்தச் சண்டைக்கு ஒரு கொப்பித் தாள் போதும். ஏழு நாளைக்கு மூன்று விஷயத்தை மட்டும் எழுதுங்கள்: எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன், எது எழுப்பியது. பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே ஆசையாக எழுதுவார்கள். வார முடிவில் அந்தத் தாளை விரித்து வைத்துப் பேசினால் குற்றச்சாட்டாகத் தெரியாது. எழுப்பியவை பெரும்பாலும் மூன்று நான்கு விஷயங்களாகவே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வழி தேடலாம்.

நேரத்தை மாற்றிச் சொல்வதும் உதவும். “எனக்குக் காலை பதினொரு மணி உங்களுக்கு நடுச்சாமம் ஒரு மணி மாதிரி” என்று சொல்லிப் பாருங்கள். நடுச்சாமம் ஒரு மணிக்கு யாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சீனி கேட்கமாட்டார்கள். பாட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே நொடியில் விளங்கும் ஒப்பீடு இது.

எந்த நேரத்தைக் கேட்பது?

“பகல் முழுக்கச் சத்தம் போடாதீங்க” என்று கேட்டால் யாராலும் நிறைவேற்ற முடியாது. சமையல் இருக்கிறது, துணி துவைக்க வேண்டும், பிள்ளை விளையாட வேண்டும். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நேரத்தைக் கேளுங்கள். மேலே சொன்ன குடும்பத்துக்குப் பொருத்தமானது காலை ஏழரை முதல் பிற்பகல் ஒரு மணி வரை. அந்த நேரத்தில் மகள் பாடசாலையில், சின்னவன் பிள்ளை மடுவத்தில், அம்மா மலையில். வீட்டில் பாட்டி மட்டும்தான்.

இங்கே நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. இரவு வேலை முடிந்து வரும் ஆண்கள் பலர் காலையில் மரக்கறிப் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்தான். மதியம்வரை கொத்திவிட்டு இரண்டு மணிக்குப் படுத்தால், அந்நேரம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், ரேடியோ பாடும், நாலு மணிக்குப் பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும், அம்மா வந்து அடுப்பு மூட்டுவார். அது போதாதென்று மாலை நேரம்தான் உடம்புக் கடிகாரம் விழிப்பின் உச்சத்தில் நிற்கும் நேரம். மேலும், காலை வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் நின்றால் “விடிஞ்சிருச்சு” என்ற செய்தி மூளைக்குப் போய்விடும், பிறகு படுத்தாலும் கண் மூடாது. தோட்டத்தைத் தூங்கி எழுந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பிற்பகல் மழை பிடிக்கும் மாதங்களில் அது சரிவராது என்பதும் தெரியும். அந்த மாதங்களில் காலை வேலையை அரை மணித்தியாலத்துக்குள், தலையில் துணியோ தொப்பியோ போட்டுக்கொண்டு முடித்துவிடுங்கள். மற்றதை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

காலைத் தூக்கம் போதாவிட்டால் இரவு வேலைக்குப் போகுமுன் இன்னொரு தூக்கம் போடலாம். எட்டு மணி முதல் ஒன்பதேகால் வரை தூங்கி எழுந்து ஒன்பதரைக்குக் கிளம்புவது அந்த அப்பாவுக்குச் சரியாக வந்தது. காலையில் ஏழரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஐந்தேகால் மணித்தியாலம், இரவில் ஒன்றேகால், மொத்தம் ஆறரை மணித்தியாலம். முன்பு கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இரவுச் சாப்பாட்டை எட்டுக்கு முன் முடித்துப் பிள்ளைகள் படிக்க உட்கார்ந்தால் அந்த ஒன்றேகால் மணித்தியாலம் தானாகக் கிடைத்துவிடும். எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் மந்தமாக இருக்கும், ஆகவே எழுந்த உடனே கத்தியோ கொதிக்கும் தண்ணீரோ கையில் எடுக்க வேண்டாம்.

ஒரு விஷயம் தூங்குபவரின் கையில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் தேயிலைக்குப் பஞ்சமில்லை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பை சுடச்சுடக் குடிக்கத்தான் தோன்றும். ஆனால் தேயிலையில் உள்ள கபீனில் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணித்தியாலம் ஆகும். கடைசிக் கோப்பையை இரவு ஒன்றரை மணிக்குள் முடித்துக்கொண்டால் ஏழரைக்குக் கண் மூடும். ஐந்து மணிக்குக் குடித்துவிட்டு வீட்டார் சத்தத்தால்தான் தூக்கம் வரவில்லை என்றால் அது அவர்களுக்கு நியாயமாக இருக்காது.

யாரிடம் எப்படிப் பேசுவது?

பிள்ளைகளுக்கு மணிக்கணக்கைவிட அடையாளம் நன்றாக வேலை செய்யும். அறைக் கதவில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுங்கள். துண்டு தொங்கினால் அப்பா தூங்குகிறார், எடுத்துவிட்டால் எழுந்துவிட்டார். துண்டை எடுத்ததும் அப்பா பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். துண்டு எடுத்த பிறகும் அப்பா கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தால், இரண்டு வாரத்தில் பிள்ளை துண்டைக் கவனிப்பதை விட்டுவிடும். விடுமுறை நாட்களில் சத்தமான விளையாட்டுக்கு ஒரு இடத்தையும் காட்டிவிடுங்கள். “கத்தாதே” என்பதைவிட “கோயில் முன்னால போய் விளையாடு” என்பது பிள்ளைக்கு விளங்கும்.

பாட்டி, தாத்தா விஷயம் வேறு. அவர்கள் தனியாக வீட்டில் இருப்பதால் பேச ஆள் தேடுவார்கள், காது மந்தமாக இருந்தால் ரேடியோவை உயர்த்தி வைப்பார்கள். “சத்தம் போடாதீங்க” என்று மகன் சொன்னால் அவர்களுக்குத் தாங்காது. அவர்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுவது சிறந்தது: “அம்மா, ஒரு மணி வரைக்கும் வர்ற ஆளுங்கள நீங்கதான் பாத்துக்கணும். அவசரம்னா மட்டும் எழுப்புங்க. மத்ததெல்லாம் நான் எந்திரிச்ச பிறகு வரச் சொல்லுங்க.” வாசற்படியில் ஒரு நாற்காலியையும் போட்டுவிட்டால் வருபவர்கள் கதவைத் தட்டுமுன் அவரைப் பார்ப்பார்கள்.

அயலாரிடம் சத்தம் வந்து கோபத்தில் நிற்கும்போது பேச வேண்டாம். தூங்கி எழுந்து, முகம் கழுவி, மாலையில் போய்ப் பேசுங்கள். “அண்ணே, நான் ராத்திரி இஸ்டோர் வேலைக்குப் போறேன். காலையில ஏழரையிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் தூங்க முடியும். அந்த நேரத்துல மட்டும் ரேடியோவ கொஞ்சம் கொறச்சு வைக்க முடியுமா? ஒரு மணிக்குப் பிறகு எவ்வளவு வேணுமானாலும் வைங்க.” இந்தக் கடைசி வரி முக்கியம். கேட்பவருக்கு எது மிச்சம் என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது எளிது. அவர் வீட்டிலும் இரவு வேலைக்காரர் இருக்கலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு வீட்டில் இரண்டு பேர் இரவு வேலை என்றால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அமைதி நேரத்தை வைப்பது தனித்தனியாகக் கெஞ்சுவதைவிட மேல்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கட்டுப்படுத்தி 2007இல் இலங்கை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு இரவில் தூங்குபவரைத்தான் காக்கிறது. பகலில் தூங்குபவர் அந்த நேரத்துக்குள் வருவதில்லை. ஆகவே திருவிழாக் காலத்தில் கோயில் நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே போய், குழாயின் வாயைக் குடியிருப்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். சத்தத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதவர்கள்கூடத் திசையை மாற்ற ஒப்புக்கொள்வதுண்டு.

பெண்கள் இரவு வேலைக்குப் போகும்போது

மேலே சொன்ன எல்லாமே வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. இரவு வேலைக்குப் போவது அம்மாவாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. வைத்தியசாலையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் பெண், வந்ததும் தேத்தண்ணி போட்டு, பிள்ளைகளுக்குத் தலை சீவி, சோறு கட்டிக் கொடுத்து, பாத்திரம் கழுவித்தான் படுக்கிறார். ஒன்பது மணிக்குப் படுத்துப் பன்னிரண்டுக்குச் சமைக்க எழுகிறார். அவரிடம் சத்தத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அவருக்குக் குறைவது நேரம். இந்த வீட்டில் பேச வேண்டியது யார் காலைச் சாப்பாடு செய்வது, யார் மதியத்துக்கு உலை வைப்பது என்பதைப் பற்றித்தான். கணவரோ மாமியாரோ அந்த இரண்டு வேளையை ஏற்றுக்கொள்ளாமல் கதவில் எத்தனை துண்டு தொங்கவிட்டும் ஒன்றும் நடக்காது. அவருக்குத் தூக்கம் போதவில்லை என்பதற்கு அடையாளங்கள் உண்டு: பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவது, இறங்கும் இடத்தைத் தாண்டிப் போவது, அடுப்பில் வைத்ததை மறப்பது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது.

புது வீட்டிலும் தற்காலிக இடத்திலும்

லயன் காம்பரா இருட்டு என்று நாம் குறைப்படுவோம். பகலில் தூங்குபவருக்கு மட்டும் அந்த இருட்டு வசதியாக இருந்தது. புது வீட்டில் கண்ணாடி ஜன்னல், வெள்ளைச் சுவர், இன்னும் திரைச்சீலை வாங்கியிருக்க மாட்டோம், அறை பளிச்சென்று இருக்கும். திரைச்சீலைக்குக் காசு வரும்வரை உலர் உணவுப் பொதி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து ஜன்னல் சட்டத்துக்குள் பொருத்திவிடலாம். மேலே ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டால் சத்தமும் கொஞ்சம் குறையும். கட்டிலை அயல் வீட்டுப் பக்கச் சுவரிலிருந்தும் குசினிச் சுவரிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கந்தப்பளைக் குளிரில், வெளிச்சமும் காற்றும் வராமல் அடைத்த அறைக்குள் கரிச் சட்டியையோ தணலையோ கொண்டுபோய் வைக்கவே கூடாது. தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழாமலே போய்விடலாம். குளிருக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள், காற்றுக்கு மேலே ஒரு திறப்பை விட்டுவையுங்கள்.

பாடசாலை மண்டபம் போன்ற தற்காலிக இடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக இருக்கும். அங்கே ஒரு மூலையை இரவு வேலைக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கித் தரும்படி இடத்தின் பொறுப்பாளரைக் கேளுங்கள். சமையல் செய்யும் பக்கத்துக்கும் கழிவறைப் பாதைக்கும் தூரமாக இருந்தால் நல்லது. மேலும், பதிவு, நிவாரண விநியோகம், சேத மதிப்பீடு எல்லாம் பகலில்தான் நடக்கும். குடும்பத் தலைவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரை எழுப்புவது வழக்கமாகிவிட்டது. முதல் பதிவின்போதே உங்கள் சார்பில் பொருள் வாங்கவும் தகவல் சொல்லவும் வீட்டிலுள்ள இன்னொரு வயது வந்தவரின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டைப் பிரதி, குடும்ப விபரம் ஆகியவற்றை ஒரு உறையில் போட்டு அவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் கையெழுத்தே வேண்டும் என்றால், ஒரு மணிக்குப் பிறகு வர முடியுமா என்று உத்தியோகத்தரைக் கேட்பதில் தவறில்லை.

எப்போது கட்டாயம் எழுப்ப வேண்டும்?

அமைதியைக் கேட்கும் அதே பேச்சில் இதையும் பேசிவிட வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்தது காலை ஏழரை மணியளவில். இரவு வேலை முடித்தவர் கண்ணயரும் நேரம் அது. “அவரை எழுப்பாதே” என்ற பழக்கம் நன்றாகப் படிந்த வீட்டில், ஆபத்து வரும்போதும் பிள்ளை தயங்கி நின்றுவிடக்கூடும். அதனால் எழுப்ப வேண்டிய காரணங்களை வீட்டார் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: தீ, ஒருவருக்குத் திடீர் சுகவீனம், மண்சரிவு எச்சரிக்கை, எச்சரிக்கை வராவிட்டாலும் சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாயும் மரம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். செம்மஞ்சளிலேயே தூங்குபவரை எழுப்பிவிடுங்கள், பகல் தூக்கம் ஒன்று கெட்டால் கெடட்டும். மஞ்சள் இருக்கும் நாட்களில், வேலைக்குப் போய் வந்தவர் படுக்குமுன் வீட்டார் அவரிடம் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய கைத்தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்தாலும், வீட்டில் இன்னொருவரின் தொலைபேசி சத்தத்தோடு இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் பிள்ளைகளும் பாட்டியும் பார்க்கும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எழுப்பும்போது கதவுக்கு வெளியே நின்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு ஓடக்கூடாது. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர் “ஆ” என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். உள்ளே போய், பெயர் சொல்லி, தோளைத் தட்டி, அவர் எழுந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்று தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். செருப்பு, டோர்ச், சட்டை மூன்றும் கட்டிலடியில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வையுங்கள்.